பாத்திரமும் துணியும் கழுவிச் சிவந்து வெடித்த கைகள்: கையுறை போட்ட பிறகு கூடியிருக்கிறதே, ஏன்?

செல்வி_மதுரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம், கைக்குழந்தையும் உண்டு. பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. நான்கு மாதங்களுக்கு முன்பு வலது கை மோதிரத்துக்கு அடியில் சிறிய சிவப்பும் அரிப்புமாகத் தொடங்கியது, பிறகு விரல் இடுக்குகளுக்குப் பரவி, இப்போது இரு கைகளின் புறங்கையும் விரல் கணுக்களும் சிவந்து, உலர்ந்து, கோடு கோடாக வெடித்திருக்கின்றன. வெங்காயம் நறுக்கும்போதும் குழம்புக்குப் புளி கரைக்கும்போதும் கண்ணீர் வரும் அளவுக்கு எரிகிறது.

மருந்துக் கடையில் கையைக் காட்டியபோது ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவிய நான்காம் நாளே கை பழையபடி ஆகிவிட்டது, நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இப்படி மூன்று முறை நடந்துவிட்டது. பிறகு ரப்பர் கையுறை வாங்கி, காலையில் போட்டால் சமையலறை வேலை முடியும்வரை கழற்றாமல் இரண்டு வாரம் பயன்படுத்தினேன். ஆறும் என்று நினைத்தேன், ஆனால் அரிப்பு கூடியதோடு, கழற்றும்போது விரல்கள் ஊறிய அப்பளம் போல வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. கையுறை போட்டும் ஏன் இப்படி ஆகிறது? எந்தச் சோப்புக்கு மாறினால் சரியாகும்?

வேம்படி எழுதியது:

சகோதரி, கடையில் விற்கும் எல்லாச் சோப்புகளும் இரசாயனம்தான், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பயன் இல்லை. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் புளியையும் தேங்காய் நாரையும் கொண்டுதான் பாத்திரம் துலக்கினார்கள், அவர்களுக்குக் கை வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. துணிக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். இரவில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கையில் பூசிக்கொண்டு படுங்கள், பதினைந்து நாளில் தெரியும்.

பெரியகுளம்_அத்தை எழுதியது:

இது கரப்பான் அம்மா. முதலில் கத்திரிக்காய், கருவாடு, நண்டு ஆகியவற்றை நிறுத்து. பால் கொடுக்கும் தாய் என்பதால் உடம்பில் சூடு ஏறியிருக்கும்.

ஆலைக்காரர் எழுதியது:

சலவைத்தூள் தயாரிக்கும் ஆலையொன்றின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வேம்படி அவர்கள் சொன்னதில் ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். சாம்பலும் இரசாயனம்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது சலவை சோடாவுக்கு மிக நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் சாம்பலை நீரில் கரைத்து வடித்த காரநீரைக் கொண்டுதான் உலகின் பல பகுதிகளில் சோப்பே செய்தார்கள். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயை அது எடுப்பதற்கான காரணமும் தோலில் உள்ள எண்ணெயை எடுப்பதற்கான காரணமும் ஒன்றேதான்.

நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு ஏறத்தாழ 5 இருக்கும். சோப்புக்கட்டியின் கரைசல் 9 முதல் 10 வரையும், துணி துவைக்கும் தூளின் கரைசல் 10 அல்லது அதற்கு மேலும் இருக்கும். இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு வேறுபாடு என்பதால், ஐந்து எண் வேறுபாடு சிறியதல்ல. ஆகவே செல்வி அவர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில், பாத்திரத்துக்குக் கட்டியை விட்டுவிட்டுத் திரவத்துக்கு மாறுங்கள் என்பதுதான். பெரும்பாலான திரவங்களில் காரம் குறைவு. அதையும் நாரின் மீது நேராக ஊற்றாமல், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கலந்து, அதில் நாரைத் தோய்த்துத் தேயுங்கள். நேராக ஊற்றினால் முதல் பாத்திரத்துக்கு முன்பே உங்கள் விரல்தான் முழுச் செறிவையும் வாங்கிக்கொள்கிறது.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

செல்வி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையொன்றின் தோல் பிரிவில் நெடுங்காலம் பணி செய்திருக்கிறேன். படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், மோதிரத்துக்கு அடியில் தொடங்கி, விரல் இடுக்குக்குப் போய், புறங்கைக்கு ஏறியது என்று நீங்கள் எழுதிய வரிசையை நான் நூற்றுக்கணக்கான பெண்களின் கைகளில் பார்த்திருக்கிறேன். மோதிரத்துக்கு அடியில் சோப்பு நீர் தங்கும், எவ்வளவு அலசினாலும் முழுவதுமாக வெளியேறாது, அதனால்தான் அங்கே தொடங்குகிறது. விரல் இடுக்கில் தோல் மெல்லியது, துடைக்கவும் மறந்துவிடுவோம். உள்ளங்கைத் தோல் தடித்தது என்பதால் அது கடைசியில்தான் விழும்.

ஆலைக்காரர் ஐயா சொன்ன காரக் கணக்கு சரி, ஆனால் சோப்பை மாற்றுவதில் கிடைக்கும் பயன் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்பதே என் அனுபவம். தண்ணீரே ஒரு காரணி என்பதைப் பலர் ஏற்பதில்லை. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் போல நினைத்துக்கொள்ளுங்கள். உயிரற்ற செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு நடுவில் உள்ள கொழுப்பு சுண்ணாம்புச் சாந்து. கை நனையும்போது செங்கற்கள் ஊதுகின்றன, சோப்பு அந்த இடைவெளியில் புகுந்து சாந்தைக் கரைத்துக்கொண்டு போகிறது, காயும்போது செங்கற்கள் சுருங்க, சாந்து இல்லாத இடத்தில் விரிசல் விடுகிறது. ஒரு முறை நனைந்து காய்ந்தால் தோல் தானே சரிசெய்துகொள்ளும். அது முடிவதற்குள் அடுத்த முறை, அதற்குள் மறுபடியும் என்று போகும்போதுதான் சுவர் விழுகிறது. ஆகவே எந்தச் சோப்பு என்பதற்கு முன்பு, ஒரு நாளில் எத்தனை முறை கை நனைகிறது என்று கேட்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, கை நனையும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு வந்து சொல்லுங்கள். பணிவழித் தோல்நோய்களைப் பார்ப்பவர்கள் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 முறைக்கு மேல் கை கழுவினாலோ அதை ஈரவேலை என்று கணக்கிடுவது வழக்கம்.

கையுறை ஏன் கெடுத்தது என்பதற்கும் இதுவே விடை. காற்றுப் போகாத ரப்பருக்குள் மணிக்கணக்கில் வியர்த்த கை, வெளியே நனையவில்லை என்றாலும் உள்ளே நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ஊறிய அப்பளம் என்று நீங்கள் எழுதியது அதைத்தான். ஏற்கெனவே நனைந்த கையோடு போட்டீர்களா, உள்ளே சோப்பு நீர் புகுந்ததா என்பதையும் எழுதுங்கள். அந்த டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். குழந்தையாக இருந்தபோது உங்களுக்கோ, வீட்டில் யாருக்கேனுமோ மூச்சு இழுப்பு, அடுக்குத் தும்மல், முழங்கை மடிப்பில் சொறி போன்றவை இருந்தனவா?

அத்தைக்கு ஒரு சொல். கத்திரிக்காயை வாயில் போடுவதால் இந்தக் கை வெடிப்பு வருவதில்லை. பால் கொடுக்கும் பெண்ணின் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

பெரியகுளம்_அத்தை எழுதியது:

எங்கள் காலத்தில் கரப்பான் பண்டம் சாப்பிட்டால் அரிப்புக் கூடியதைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தாலும் சரி, அவள் சாப்பிடட்டும்.

டீமாஸ்டர் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினைதான். டீக்கடையில் நாள் முழுவதும் கண்ணாடி டம்ளர் கழுவுகிறேன். ஒரு வருடமாக வலது உள்ளங்கை முழுவதும் தவிடு பூசியது போலச் செதில் செதிலாக இருக்கிறது, கோடுகளில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இடது கையில் ஒன்றும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு டம்ளர் பிடிக்க முடியாது. நான் எந்தக் களிம்பு தடவலாம்?

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

தம்பி, உங்களுடையது இதே பிரச்சினையாக எனக்குத் தோன்றவில்லை. டம்ளர் கழுவும்போது இரண்டு கையும்தான் தண்ணீரில் இருக்கிறது, பிறகு ஏன் ஒரு கை மட்டும்? ஒரு உள்ளங்கை மட்டும் மாவு பூசியது போலச் செதிலாக இருந்தால் முதலில் பாதங்களைப் பாருங்கள். கால் விரல் இடுக்கில் வெளுத்துப் புண்ணாகவோ, குதிகாலைச் சுற்றிச் செதிலாகவோ, நகம் தடித்து மஞ்சளாகவோ இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதாவது படர்தாமரையின் கைவடிவம் என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு கால், ஒரு கை என்பது அதன் பழைய அடையாளம். தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். அதுவரை செல்வியின் டியூபைப் போல எதையும் தடவ வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தது என்றால் அரிப்பு அடங்கும், பூஞ்சை வளரும்.

பந்திக்காரர் எழுதியது:

நான் திருமணச் சமையல் எடுத்துச் செய்பவன். பாத்திரம் கழுவும் பெண்கள் ஆறு பேருக்கும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கையுறை வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், யாரும் போடுவதில்லை. சோம்பல் இல்லை, காரணம் இருக்கிறது. எண்ணெய் வாணலி வழுக்குகிறது. அண்டாவுக்குள் முழங்கை வரை கை போகும்போது கையுறைக்குள் தண்ணீர் நிரம்பிவிடுகிறது, அந்தச் சோப்பு நீரிலேயே கை இரண்டு மணி நேரம் ஊறுகிறது. இதற்குப் போடாமலேயே இருக்கலாம் என்று அவர்கள் சொல்வது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

ஐயா, உள்ளே தண்ணீர் நிரம்பிய கையுறையைவிட வெறுங்கை மேல் என்று அவர்கள் சொல்வதை நானும் ஏற்கிறேன். அண்டாவுக்கு மணிக்கட்டுவரை உள்ள கையுறை போதாது, முழங்கை நெருங்கும் நீளமும் சொரசொரப்பான பிடியும் உள்ளவை தொழிற்சாலைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வீட்டு வேலைக்குக் கையுறையின் வாயை ஒரு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கம் மடித்துவிட்டால், கையை உயர்த்தும்போது வழியும் நீர் அந்த மடிப்பில் தங்கும், உள்ளே இறங்காது. அண்டாவைக் கை நுழைத்துத் தேய்ப்பதற்குப் பதிலாக நீளக் காம்பு பிரஷால் தேய்க்க முடியுமா என்றும் பாருங்கள்.

செல்வி_மதுரை எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னபடி கோடு போட்டேன். ஒரே நாளில் 37 கோடுகள் வந்தன, எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. பாத்திரம் தேய்ப்பது மூன்று வேளைதான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் குழந்தையின் பால் கிண்ணம், காபி டம்ளர், நடுவில் வரும் ஒன்றிரண்டு தட்டுகள் என்று பதினோரு முறை தொட்டிக்குப் போயிருக்கிறேன். குழந்தையின் துணி நனைந்தவுடன் அலசுவது ஒன்பது முறை. மீதி, காய்கறி கழுவுவது, அரிசி களைவது, தரை துடைப்பது, கை கழுவுவது.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தொட்டி உள்ள சலவை இயந்திரம். துவைத்த துணியைச் சோப்பு நீரோடு கையால் அள்ளித்தான் பிழியும் தொட்டியில் போட வேண்டும். இயந்திரம் இருக்கிறது என்பதால் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கையுறையை ஈரக் கையோடுதான் போட்டேன், வலது ஆள்காட்டி விரல் நுனியில் சிறிய ஓட்டையும் இருந்தது. டியூபில் குளோபீட்டசால் என்றும், அதோடு பூஞ்சைக்கு ஒன்றும் கிருமிக்கு ஒன்றும் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறது. எனக்குச் சிறு வயதில் இழுப்பு இருந்ததாக அம்மா சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

நன்றாகக் கணக்கெடுத்திருக்கிறீர்கள். இழுப்பு இருந்த உடம்பில் தோலின் சாந்து பிறவியிலேயே சற்று மெலிந்திருக்கலாம். ஒரே அளவு வேலை செய்யும் இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் வெடிப்பதற்கு அது காரணமாக இருக்கக்கூடும்.

டியூபைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குளோபீட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அழற்சியை அது அடக்கியது உண்மை. ஆனால் தினமும் 37 முறை சாந்து கரைந்துகொண்டிருக்கும்போது சிவப்பை மட்டும் அடக்கினால், நிறுத்தியதும் திரும்பாமல் என்ன செய்யும்? தேவையற்ற இரண்டு மருந்துகள் கூட இருப்பதும் நல்லதல்ல, அவற்றுக்கே ஒவ்வாமை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து போட்டால் புறங்கைத் தோல் சிகரெட் தாள் போல மெலியும். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கைக்கு இப்போது அது வேண்டியிருக்கலாம், எது, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவர் எழுதித்தர வேண்டும். மஞ்சள் நிறப் பொருக்கு, நீர் கசிவு, நகக்கண் வீங்கி வலித்தல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே போங்கள்.

கையுறைக்கு வருகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை நான்கைந்து இணை வாங்கி, அதை உள்ளே போட்டு, மேலே சற்றுத் தளர்வான கையுறையைப் போடுங்கள். கை முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே அடியாக வேண்டாம், பருத்தி ஈரமாகிவிட்டால் அதற்கு முன்பே கழற்றிவிட்டு அடுத்த இணைக்கு மாறுங்கள். வேலை முடிந்ததும் உள்புறத்தை வெளியே திருப்பிக் காயவிடுங்கள். வாரம் ஒரு முறை கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, வாயை முறுக்கி அழுத்தினால் ஓட்டை இருந்தால் பீய்ச்சும், அப்படிப் பீய்ச்சினால் ஒட்டுப் போடாமல் தூக்கி எறியுங்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி, எலுமிச்சை நறுக்கும்போதும் கையுறை வேண்டும். மோதிரத்தை ஆறும்வரை பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அந்த 37-ஐக் குறைப்பதுதான் மருந்து. நடுவில் வரும் தட்டு, டம்ளர்களை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு மூன்று வேளையில் மட்டும் தேயுங்கள். குழந்தைத் துணியை மூடி போட்ட வாளியில் சேர்த்து நாளுக்கு இரண்டு முறை அலசுங்கள், இயந்திரத்திலிருந்து துணியை ஒரு மரக்குச்சியால் அள்ளிப் போடுங்கள்.

ஆலைக்காரர் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை போக வேண்டுமென்று கைபொறுக்காத வெந்நீரில் கழுவுவார்கள். சூடு கூடினால் தோலிலிருந்தும் கொழுப்பு விரைவாகக் கரையும். இரும்பு நாரால் கை உரசுவதும் கணக்கில் வரும்.

வேம்படி எழுதியது:

சாம்பலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், எனக்குத் தெரியாது. ஆனால் தேங்காய் எண்ணெயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அதுவும் தவறா?

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

தவறல்ல, உங்கள் ஆலோசனையில் நல்ல பகுதி அதுதான். மஞ்சளை மட்டும் விட்டுவிடுங்கள், வெடித்த தோலில் எரியும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். பூந்திக்கொட்டையின் நுரையும் எண்ணெயை எடுக்கும் நுரைதான், அது தோலைத் தனியாக விட்டுவைக்காது.

தேங்காய் எண்ணெய் தோலை மிருதுவாக்கும், ஆனால் மெல்லியது, ஒரு கழுவலில் போய்விடும். பெட்ரோலியம் ஜெல்லி தடிப்பாக நின்று நீர் ஆவியாவதைத் தடுக்கும், விலையும் குறைவு, வாசனை சேர்க்காததாக வாங்கினால் ஒவ்வாமை வருவது மிக அரிது. பிசுபிசுப்புப் பகலில் தொந்தரவு என்றால் பகலுக்குக் கிளிசரினும் திரவ பாரஃபினும் கலந்த, வாசனை இல்லாத கிரீம், இரவுக்கு ஜெல்லி என்று பிரித்துக்கொள்ளலாம். பம்பு போட்ட குப்பியில் வரும் லோஷன்கள் பெரும்பாலும் தண்ணீர், இந்த அளவு வெடிப்புக்குப் போதாது. குதிகால் வெடிப்புக்கு விற்கும் யூரியா கிரீமை இப்போது வேண்டாம், பிளவு மூடும்வரை தீயாக எரியும்.

எவ்வளவு என்று கேட்பதில்லை, ஆனால் பலர் தவறுவது அதில்தான். டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது வேண்டும், இரண்டு கைக்கு ஒரு கிராம். நாளுக்கு ஐந்து முறை என்றால் 30 கிராம் டியூப் ஒரு வாரம்கூட வராது. ஒரு மாதம் ஓடியது என்று சொல்பவர் தடவியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கழுவியதும் ஒற்றித் துடைத்துவிட்டு, தோலில் சிறிது ஈரம் மிச்சமிருக்கும்போதே தடவுங்கள், விரல் இடுக்கும் நகக்கண்ணும் விடுபடக் கூடாது. இரவில் ஜெல்லியைத் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உறங்குங்கள். குழந்தையைத் தூக்கும் முன்பு துணியால் துடைத்துக்கொண்டால் போதும். ஒரே எச்சரிக்கை, ஜெல்லி பூசிய கையை நேராக இயற்கை ரப்பர் கையுறைக்குள் விடாதீர்கள், எண்ணெய் பட்டு ரப்பர் இற்றுவிடும்.

செல்வி_மதுரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

வணக்கம் அம்மா. நடந்ததை எழுதிவிட்டால் பிறருக்கும் பயன்படும். இரவுப் பாத்திரத்தைக் கணவரும், காலை டம்ளர்களை ஓரகத்தியும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாளைக் காட்டியபோதுதான் மாமியாருக்கும் புரிந்தது, அதற்குமுன் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இப்போது நாளுக்கு 14 கோடு வருகிறது, விருந்தாளி வரும் நாளில் இருபதைத் தாண்டிவிடுகிறது. தோல் மருத்துவர் பழைய டியூபை நிறுத்தச் சொல்லி, மொமெட்டசோன் களிம்பை இரவில் மட்டும் இரண்டு வாரமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளும், அதன்பின் வாரம் இருமுறையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரத்தில் பிளவுகள் மூடிவிட்டன. நான்காம் வாரம் கை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்ததால், ஒரு விசேஷத்தன்று கையுறை இல்லாமல் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டேன். மறுநாள் மாலையே இடுக்குகளில் சிவப்பு வந்துவிட்டது. ஆறியதாகத் தெரிந்த கை ஏன் ஒரே நாளில் இப்படி ஆகிறது?

இன்னொன்று. இரண்டு வாரமாக மணிக்கட்டில், கையுறையின் வாய் முடியும் இடத்தில், வளையல் போட்டது போல ஒரு கோட்டில் சிறு சிறு கொப்புளங்களோடு அரிக்கிறது. அங்கே இதற்கு முன் ஒன்றுமே இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

முதல் கேள்விக்கு விடை எளிது. சிவப்பு மறைவது ஒன்று, சாந்து முழுவதும் திரும்புவது வேறு. கை பார்வைக்குச் சரியான பிறகும் நான்கைந்து மாதம் அது பழைய வலுவுக்கு வருவதில்லை, அதுவரை நோயாளிக் கையாகவே நடத்துங்கள் என்று எங்கள் பிரிவில் சொல்லி அனுப்புவோம். நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. கோடு போட்டது போல எல்லை தெளிவாக இருப்பதும், முன்பு இல்லாத இடத்தில் வந்திருப்பதும், கொப்புளமும் கையுறையின் ரப்பருக்கே ஒவ்வாமை வந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கின்றன. ரப்பரை இறுக வைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களால் வருவது இது. நைட்ரைலுக்கு மாறினாலும் சில நேரம் அதே பொருள்கள் அதிலும் இருக்கும். இப்போதைக்கு வினைல் எனப்படும் பிவிசி கையுறைக்கு மாறுங்கள், பருத்தி உள்ளே இருக்கட்டும்.

பந்திக்காரர் எழுதியது:

மன்னிக்க வேண்டும் அம்மா, மடித்துவிட்ட வாயில் சோப்பு நீர் தங்கி, அது மணிக்கட்டில் உரசியும் இப்படி வரலாம் அல்லவா? மடிக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

நியாயமான கேள்வி, என்னால் மறுக்க முடியவில்லை. மடிப்பு வெளிப்பக்கம் இருந்தால் நீர் தோலில் படாது, ஆனால் இறுக்கமான வாயில் வியர்வை சேர்ந்து உரசினாலும் இதே இடத்தில் சிவக்கும். பார்வையால் இதைப் பிரிக்க முடியாது, அதற்குத்தான் ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. ஒவ்வாமை தரும் பொருள்களைச் சிறு சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாம் பார்வைக்குப் போகாமல் விட்டுவிடுபவர்கள் பலர், தாமதமாக வெளிப்படும் ஒவ்வாமை அதில்தான் தெரியும். அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது, ஆகவே வெயில் தணிந்த வாரமாகப் பாருங்கள். முதுகில் ஸ்டீராய்டு தடவியிருக்கக் கூடாது. நீங்கள் பால் கொடுப்பதையும் சொல்லிவிடுங்கள், அதை வைத்து இப்போது செய்வதா, தள்ளிப்போடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

போகும்போது நீங்கள் போட்ட அதே கையுறையைக் கொண்டு போங்கள், அதிலிருந்து ஒரு துண்டு வெட்டியும் ஒட்டிப் பார்க்கலாம். பாத்திரச் சோப்பையும் சலவைத்தூளையும் மட்டும், யார் சொன்னாலும், வீட்டில் நீங்களே தோலில் ஒட்டிப் பார்க்காதீர்கள். மூடிய நிலையில் யாருடைய தோலையும் அது புண்ணாக்கும், அதை ஒவ்வாமை என்று தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

டீமாஸ்டர் எழுதியது:

அம்மா, காலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் செதிலாகத்தான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செல்வி_மதுரை எழுதியது:

பிவிசிக்கு மாறி ஒன்பது நாள் ஆகிறது. மணிக்கட்டுக் கோடு மங்கியிருக்கிறது, ஆனால் வாய் தளர்வான கையுறையாகவும் வாங்கிவிட்டதால், ரப்பர் போனதாலா இறுக்கம் போனதாலா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மஞ்சள் கையுறையைத் தூக்கி எறியப் போன மாமியாரிடமிருந்து வாங்கி, ஒரு பையில் கட்டி, பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.